சரிபார்ப்பில் 75 மீட்டர் குறைவு: பின் கார்டும் லெட்ஜரும் ஒத்துப்போகாதபோது உங்களுக்கு என்ன நடந்தது?

பேரேட்டுப் பக்கம்

4 ஸ்கொயர் எம்எம் காப்பர் கேபிள். கணக்குப் பிரிவு எழுதும் ஸ்டோர்ஸ் லெட்ஜரில் 480 மீட்டர், ஸ்டோர் கீப்பர் எழுதும் பின் கார்டில் 412, எண்ணிப் பார்த்ததில் 405. சரிபார்க்க வந்தவர் லெட்ஜரையும் எண்ணிக்கையையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "குறைவு 75" என்று எழுதி, ஸ்டோர் கீப்பரிடம் கையெழுத்துக்கு நீட்டிவிட்டார். பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மனிதர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நான் கணக்குப் பிரிவிலிருந்து போயிருந்தேன். முதலில் இரண்டு புத்தகங்களையும் சேர்த்துப் பார்த்துவிடுவோம், அப்புறம் கையெழுத்து என்றேன்.

முந்தைய நாள் மாலை கொடுத்த 50 மீட்டருக்கான ரிக்விசிஷன் சீட்டு ஸ்டோரின் கிளிப்பிலேயே இருந்தது, எங்களுக்கு வரவில்லை. அதைக் கழித்தால் லெட்ஜர் 430. ஒர்க்‌ஷாப் திருப்பிக் கொடுத்த 12 மீட்டர் ரிட்டர்ன் நோட்டின் நகல் எங்களுக்கு வந்து பதிவாகிவிட்டது, ஆனால் பின் கார்டில் ஏறவில்லை. ஏற்றினால் 424. மிச்சம் 6 மட்டும் இடித்தது. பக்கத்து பின், 2.5 ஸ்கொயர் எம்எம், அதன் கார்டைப் புரட்டினால் அங்கே லெட்ஜரைவிடச் சரியாக 6 மீட்டர் அதிகம். 2.5-இல் எழுத வேண்டிய இஷ்யூவை 4-இல் எழுதியிருக்கிறார்கள். திருத்தினால் பின் கார்டும் 430.

திரும்பி வந்த அந்த 12 மீட்டர் சுருள் தரம் பார்ப்பதற்காகத் தனி ரேக்கில் கிடந்தது, எண்ணிக்கையில் சேரவே இல்லை. சேர்த்தால் 417. ஆக உண்மையான குறைவு 13 மீட்டர். 75 இல்லை. அந்த 13-ஐ எங்கே போடுவது என்பதில் கடைசிவரை சண்டைதான். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

ரேக் ஏழு

13 மீட்டருக்கு ஏன் சார் இவ்வளவு பாடு? மொத்த இஷ்யூவில் 1 சதவீதத்துக்குள் வந்தால் நார்மல், ஓவர்ஹெட்டில் போட்டுவிடலாம். எங்கள் ஸ்டோரில் எல்லா ஐட்டத்துக்கும் அதுதான் நடைமுறை, யாரும் கேள்வி கேட்டதில்லை.

சாவிக்கொத்து

எனக்கும் இதே மாதிரிதான். சப்ளையர் அனுப்பிய பெட்டியில் இன்வாய்ஸைவிட 3 வால்வு குறைவு. ஜிஆர்என்-இல் நான் வந்த எண்ணிக்கையைத்தான் எழுதினேன், ஆனால் பில் பாஸ் செய்தவர் முழுத் தொகைக்கும் பாஸ் செய்துவிட்டார். அப்புறம் டெபிட் நோட் போட்டு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. உங்கள் கேபிள் சப்ளையருக்கும் டெபிட் நோட் அனுப்பிப் பாருங்கள்.

பேரேட்டுப் பக்கம்

சாவிக்கொத்து, உங்களுடையது வரும்போதே தெரிந்த குறைவு, அது ஸ்டோர் இருப்புக்குள் நுழையவே இல்லை. இங்கே டிரம் வந்தபோது நீளம் சரியாக இருந்ததாகத்தான் ஜிஆர்என் சொல்கிறது. இத்தனை நாள் கழித்துச் சப்ளையரிடம் போய் நிற்க முடியாது.

மூன்றாம் நகல்

ரேக் ஏழு சொன்னதில் பாதி சரி. கேபிளுக்கு ஒத்துவரும், எல்லா ஐட்டத்துக்கும் ஒத்துவராது. நான் பார்த்த ஒரு ஸ்டோரில் பேரிங் 8 குறைவு. ஆண்டு இஷ்யூவோடு ஒப்பிட்டால் 1 சதவீதத்துக்கும் கீழேதான். அதை வைத்து நார்மல் என்று எழுதி முடித்துவிட்டார்கள். எண்ணிக் கொடுக்கிற பொருள் எப்படிச் சார் ஆவியாகும்? நான் அந்தப் பெட்டிகளைத் தூக்கிப் பார்த்தேன். வெளியே சீல் அப்படியே இருந்த பெட்டி ஒன்று கையில் காற்றாக வந்தது. அடிப்பக்கம் பிரித்து ஒட்டியிருந்தார்கள். விசாரணை வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அது அப்நார்மல், காஸ்டிங் லாப நட்டக் கணக்குக்குப் போக வேண்டியது. யாரிடமிருந்தாவது வசூலானால் அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு மிச்சம்தான் நட்டம். ஓவர்ஹெட்டில் தள்ளினால் அந்தத் திருட்டுக்கான பணம் ஒவ்வொரு ஜாப் விலையிலும் ஏறிவிடுகிறது.

கேபிள் விஷயத்துக்கு வருகிறேன். பேரேட்டுப் பக்கம், டிரம்மிலிருந்து எத்தனை தடவை வெட்டிக் கொடுத்தார்கள் என்று சீட்டுகளை எண்ணினீர்களா? ஒவ்வொரு வெட்டிலும் கை கொஞ்சம் தாராளமாகத்தான் போகும்.

பேரேட்டுப் பக்கம்

எண்ணினேன். ஆண்டில் சுமார் 2,600 மீட்டர் போயிருக்கிறது, 325 சீட்டு. ஒரு வெட்டுக்கு 4 சென்டிமீட்டர் என்று வருகிறது.

மூன்றாம் நகல்

அப்படியானால் அதை நம்பலாம். மொத்தமாக வந்ததைச் சில்லறையாகப் பிரித்துக் கொடுப்பதில் வருகிற நார்மல் குறைவு. ஸ்டோர்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் கணக்கு வழியாக ஓவர்ஹெட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: இஷ்யூ ரேட்டிலேயே இந்தக் குறைவைச் சேர்த்திருக்கிறார்களா?

எங்கள் தின்னரில் நடந்ததைச் சொல்கிறேன். 200 லிட்டர் வாங்கினால் 4 லிட்டர் ஆவியாகும் என்று தெரியும். அதனால் 200 லிட்டர் விலையை 196-க்குப் பங்கிட்டு ரேட் வைத்திருந்தோம். 196 லிட்டர் இஷ்யூ ஆனதும் லெட்ஜரில் அளவு 4, மதிப்பு பூஜ்யம். புதிதாக வந்த தம்பி அந்த 4 லிட்டரை வாங்கிய விலையில் ஓவர்ஹெட்டுக்கு மாற்றி வவுச்சர் போட்டுவிட்டார். லெட்ஜரில் மதிப்பு மைனஸில் நின்றது. அதை வைத்துத்தான் ஒரே நட்டம் இரண்டு முறை ஜாப்பில் ஏறியதைக் கண்டுபிடித்தோம். ரேட்டில் சேர்த்திருந்தால் அளவை மட்டும் கழித்தால் போதும்.

ஷட்டர் சாவி

எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன், கேட்காவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் இடத்தில் நடந்தது சின்ன விஷயம்: பின் கார்டும் லெட்ஜரும் மாதாமாதம் ஒரு புள்ளி பிசகாமல் ஒத்துப்போகும். சரிபார்ப்பில் மட்டும் குறையும். காரணம், கணக்குப் பிரிவுத் தம்பி மாதக் கடைசியில் போன் போட்டு "அண்ணே, உங்க கார்டில் என்ன பேலன்ஸ்?" என்று கேட்டு, அதை அப்படியே லெட்ஜரில் சரிக்கட்டிவிடுவார்.

இரண்டு பேர் தனித்தனியாக எழுதுவதால்தான் இரண்டு புத்தகத்துக்கும் மதிப்பு. ஆவணம் இல்லாமல் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை மாற்றினால் எது எங்கே தவறியது என்கிற தடயமே போய்விடும். ஆகவே சரிபார்ப்பு அன்று காலை கடைசி ஜிஆர்என், கடைசி ரிக்விசிஷன், கடைசி ரிட்டர்ன் நோட் மூன்றின் எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பின் கார்டில் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். எண்ணுகிறவர் கையில் பேலன்ஸ் தாளைக் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அந்த எண்ணுக்கே எண்ணிவிடுவார். தர ஆய்வு ரேக், வேலைத்தளத்தில் கிடக்கிற சுருள், ஜாப் ஒர்க்குக்கு வெளியே போனது எல்லாவற்றுக்கும் தனித்தாள் போடுங்கள். இரண்டு புத்தகமும் ஒத்தும் குறைகிறது என்றால் சீட்டே இல்லாமல் போன இஷ்யூவைத் தேடுங்கள், இரவு ஷிப்டிலிருந்து தொடங்குங்கள். இன்னொன்று, அனுமதி வருவதற்கு முன் பின் கார்டை மட்டும் எண்ணிக்கைக்குக் குறைத்து எழுதாதீர்கள். குறைவு அறிக்கை ஒப்புதலாகி வந்த பிறகு, அந்த அறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுங்கள்.

ரேக் ஏழு

அனுமதி வர மூன்று மாதம் ஆகும். அதுவரை கார்டில் 430, பின்னில் 417. ஒருவர் 425 கேட்டு வந்தால் ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்? நடைமுறைக்கு ஒத்துவரவில்லை சார்.

ஷட்டர் சாவி

ரிமார்க்ஸ் பத்தியில் பென்சிலில் 417 என்று குறிக்கலாம், பேலன்ஸ் பத்தியைத் தொடக்கூடாது.

மூன்றாம் நகல்

பென்சில் கூடாது. நான் சிவப்பு டேக் தொங்கவிடுவேன்.

பேரேட்டுப் பக்கம்

டேக் நல்ல யோசனை. இன்னொன்றும் முடியாமல் நிற்கிறது. அதே சரிபார்ப்பில் 6 எம்எம் லக்கில் 9 குறைவு, 8 எம்எம் லக்கில் 9 மிகை. மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று எல்லாருக்குமே தெரிகிறது. இரண்டையும் நேர் செய்து "வித்தியாசம் இல்லை" என்று எழுதச் சொல்கிறார்கள். ரேட் வேறு வேறு, நான் தனித்தனியாகத்தான் காட்டுவேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்த ஜாப்புக்கு எது போனது என்று சீட்டில் தெரியவில்லை. உங்களில் யாராவது இதை நேர் செய்து ஆடிட்டில் நின்றிருக்கிறீர்களா?