புதுப்பிப்பு: தேர்த்திருவிழா டியூட்டி லெட்டர்

நான் கேட்டது: "லெட்டர்ல டைம் போட்டும் ஷிஃப்ட் மாறும்போது ஆளே இல்ல, எப்படி எழுதுறது?"

பாலக்கோடு பக்கம் எங்க மாரியம்மன் தேர் நல்லபடியா நிலைக்கு வந்துருச்சுங்க. முட்டுக்கட்டை போடுற பெரியவர் சொன்னதுதான் கைகொடுத்துச்சு, "முடியற நேரத்த மட்டும் எழுதாத தம்பி, யார்கிட்ட ஒப்படைக்கணும்னு எழுது"ன்னாரு. அதனால பந்தி குரூப்புக்கு 11 முதல் 3னு இருந்தத, 10.45க்கு வந்து கையெழுத்து, 3 மணிக்கு அடுத்த குரூப் ஆள் கையில டோக்கன் கட்டு, கரண்டி ரெண்டையும் குடுத்துட்டுதான் கிளம்பணும்னு மாத்தினேன்.

அப்புறம் எல்லாப் பேரையும் அகர வரிசையில எழுதிப் பாத்தா, 6 பேர் பந்தியிலயும் வடம் பிடிக்கிறதுலயும் ஒரே நேரத்துல இருக்காங்க, போன வருஷம் ஆள் காணாமப் போனது இதுலதான், தப்பு என்னோடது.

வாட்ஸ்அப்ல போட்டா போதும்னு இங்க பதில் போட்ட அண்ணன் சொன்னது பாதி சரி, பசங்க பாத்துட்டாங்க, ஆனா கட்டை போடுற 4 பேருக்கும் பட்டன் போன், பேப்பர்தான் வீட்டுக்குப் போய்க் குடுத்தேன். ஒரு அக்கா தன் பொண்ணு கல்யாணத்துல பரிமாறுனவங்க பட்டினியா நின்னத சொன்னாங்க, கேள்விக்கு சம்பந்தமில்லதான், ஆனா அத படிச்சதும் ஒவ்வொரு குரூப்புக்கும் சாப்பாட்டு நேரம் சேர்த்தேன்.

ராத்திரி 12க்கு மேல செருப்பு காவலுக்கு மட்டும் கடைசி வரைக்கும் ஆள் நிக்கல.