வளைவரை வரையும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

திருச்சி டியூஷன் வாத்தியார்

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் தவறாமல் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. y = x⁴ − 4x³ வரைய வேண்டும். பார்த்தால் சாதுவாக இருக்கும், ஆனால் முதல் வகைக்கெழு, இரண்டாம் வகைக்கெழு இரண்டையும் யார் புரிந்து போடுகிறார்கள், யார் மனப்பாடமாகப் போடுகிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

y′ = 4x²(x − 3). அதனால் x = 0, x = 3 இரண்டிலும் தொடுகோடு கிடைமட்டம். y″ = 12x(x − 2). x = 3 போட்டால் 36, மிகை. ஆக அங்கே சிறுமம், y மதிப்பு −27. இதுவரை வகுப்பு முழுக்க ஒரே மாதிரி வரும். x = 0 போட்டால் y″ பூஜ்யம். இங்கேதான் பிரிகிறார்கள். சிலர் “ஒன்று சிறுமம் என்றால் இன்னொன்று பெருமம்தானே” என்று ஒரு மேட்டை வரைந்துவிடுவார்கள். சிலர் “y″ = 0, ஆகவே வளைவு மாற்றப் புள்ளி” என்று எழுதுவார்கள். விடை சரி, காரணம் தப்பு. மிச்சப் பேர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள்.

பூஜ்யத்தை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் குறியைப் பாருங்கள் என்பேன். x = −1 இல் y′ = −16, x = 1 இல் −8. இரண்டு பக்கமும் குறைதான். வளைவரை இறங்கி வந்து, ஒரு நொடி தட்டையாகி, மறுபடி இறங்குகிறது. மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. y″ என்ன செய்கிறது? x = −1 இல் 36, x = 1 இல் −12. குறி மாறுகிறது. நிமிர்த்தி வைத்த கிண்ணம் கவிழ்ந்துவிட்டது. (0, 0) வளைவு மாற்றப் புள்ளி என்று சொல்ல இந்தக் குறி மாற்றம்தான் காரணம். x = 2 இல் மறுபடி நிமிர்கிறது, அங்கே y = −16.

இதற்கு மேலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. (2, −16) ஐக் குறித்துவிட்டு, அங்கேயும் வளைவரையைத் தட்டையாக்கிப் படிக்கட்டு மாதிரி வரைவார்கள். குறித்த புள்ளி எல்லாமே தட்டை என்ற நினைப்பு. அந்த இடத்தில் y′ = −16. 0க்கும் 3க்கும் நடுவில் வளைவரை மிகச் செங்குத்தாக இறங்குவதே அங்கேதான். அதனால் வளைவு மாற்றப் புள்ளியைக் குறித்ததும் அதன் சாய்வில் ஒரு சின்னக் கோட்டுத் துண்டு போடச் சொல்கிறேன். அப்புறம் வளைவரையை அதன் வழியே விட்டால் படம் தானாக ஒழுங்காக வரும்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

கோவை முத்து

சார், இவ்வளவு சுற்ற வேண்டியதில்லை. மூன்றாம் வகைக்கெழு போட்டால் ஒரே வரியில் முடிந்துவிடும். y‴ = 24x − 24. x = 0 இல் −24, பூஜ்யம் இல்லை, அதனால் வளைவு மாற்றப் புள்ளி. அதுவும் பூஜ்யமாக வந்தால் இல்லை. இன்ஜினியரிங் முதல் வருஷம் முழுக்க இப்படித்தான் போட்டேன், மார்க் வந்தது.

மலர்

முத்து அண்ணா, முதல் பாதி சரி. y″ = 0 ஆகி y‴ பூஜ்யம் இல்லை என்றால், y″ அந்த இடத்தில் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கிறது. அதனால் குறி கண்டிப்பாக மாறும். இரண்டாம் பாதிதான் உதைக்கிறது. y = x⁵ எடுங்கள். y″ = 20x³, y‴ = 60x². x = 0 இல் இரண்டுமே பூஜ்யம். உங்கள் கணக்குப்படி வளைவு மாற்றப் புள்ளி இல்லை. ஆனால் 20x³ இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை. மாறுகிறதே!

y = x⁴ க்கும் x = 0 இல் இரண்டுமே பூஜ்யம்தான். ஆனால் y″ = 12x² இரண்டு பக்கமும் மிகை, அது வெறும் சிறுமம். y‴ பூஜ்யமானால் அந்தச் சோதனை ஒன்றும் சொல்லவில்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும்.

கோவை முத்து

சரி, x⁵ க்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பரீட்சையில் x⁵ எங்கே கேட்கிறார்கள்?

யாழ் பெடியன்

சேர், நான் ஏ/எல் இணைந்த கணிதம் படிப்பிக்கிறன். எங்கட பிள்ளைகள் மாட்டுப்படுவது பல்லுறுப்பியில் இல்லை, விகிதமுறு சார்பில்தான். பயிற்சிக்கு நான் அடிக்கடி கொடுப்பது f(x) = x/(x − 1)².

முதலாம் பெறுதி −(x + 1)/(x − 1)³. x < −1 இல் குறை, −1க்கும் 1க்கும் இடையில் மிகை, x > 1 இல் திரும்பவும் குறை. −1 இல் குறையிலிருந்து மிகைக்குப் போகிறது, ஆகவே இழிவு, பெறுமானம் −1/4. அடுத்து x = 1. அங்கே மிகையிலிருந்து குறைக்குப் போகிறது என்று அட்டவணையைப் பார்த்து, கனபேர் “x = 1 இல் உயர்வு” என்று எழுதிவிடுவினம். அந்த இடத்தில் சார்பே இல்லை! இரண்டு பக்கமும் மேலே ஓடுகிற நிலைக்குத்து அணுகுகோடு அது. அட்டவணை கீறும்போதே x = 1 க்கு இரட்டைக் கோடு போடச் சொல்லுறது அதுக்காகத்தான்.

எனக்குப் பிடிச்ச பகுதி இனித்தான் வருது. இரண்டாம் பெறுதி எடுக்க முதலே, இந்த வளையியில் ஒரு விபத்திப் புள்ளி, அதாவது நீங்கள் சொல்லுற வளைவு மாற்றப் புள்ளி, இருந்தே ஆகவேணும் என்று சொல்லலாம். இடப்பக்கம் தூரத்தில் பாருங்கோ. x = −10 இல் பெறுமானம் −10/121, கிட்டத்தட்ட −0.083. அதாவது வளையி x அச்சைக் கீழிருந்து ஒட்டிக்கொண்டு வந்து, மெல்ல மெல்லக் கீழே வளைகிறது. அப்படி வளைய கிண்ணம் கவிழ்ந்திருக்க வேணும். ஆனால் −1 இல் இழிவு, அங்கே கிண்ணம் நிமிர்ந்திருக்கு. ஆகவே −1க்கு இடப்பக்கம் எங்கேயோ ஒரு இடத்தில் மாறித்தான் ஆகும். இப்ப கணிச்சால் f″ = (2x + 4)/(x − 1)⁴. x = −2, பெறுமானம் −2/9. எதிர்பார்த்த பக்கத்திலேயே வந்திட்டுது. குறி பிழைத்து +2 என்று ஒரு பிள்ளை எடுத்தால், படத்தைப் பார்த்தே பிழை என்று அவனுக்குத் தெரியவேணும்.

மலர்

அருமை அண்ணா. ஒன்று கேட்கலாமா? அப்படிச் சொன்னால் குறைந்தது ஒன்று என்றுதானே சொல்ல முடியும்? ஒன்றே ஒன்றுதான் என்பதற்கு f″ வேண்டும், இல்லையா?

யாழ் பெடியன்

ஓம் தங்கச்சி, குறைந்தது ஒன்று. மூன்றாகவும் இருக்கலாம். ஒன்றுதான் என்று முடிவு கட்டுவது 2x + 4 தான், அது ஒரே இடத்தில்தான் பூச்சியமாகும். x = 1 இன் மற்றப் பக்கத்தில் f″ எப்பவும் மிகை, அங்கே தேடத் தேவையில்லை.

சரவணன், சென்னை

நான் போனில் கிராஃப் ஆப்பில் இதைப் போட்டுப் பார்த்தேன். நீங்கள் சொல்லும் பள்ளமே இல்லையே? இடப்பக்கம் அச்சோடு ஒட்டின கோடுதான் தெரிகிறது. கணக்கு தப்பா, ஆப் தப்பா?

திருச்சி டியூஷன் வாத்தியார்

இரண்டுமே தப்பில்லை தம்பி. உங்கள் திரையில் y அச்சு −10 இலிருந்து 10 வரை இருக்கும். அதில் கால் அலகு பள்ளம் கோட்டின் தடிமனிலேயே மறைந்துவிடும். x ஐ −10 முதல் 0 வரையும், y ஐ −0.3 முதல் 0.1 வரையும் வைத்துப் பாருங்கள். பள்ளம் தெரியும். ஆனால் −2 இல் வளைவு மாறுவது அப்போதும் கண்ணுக்குப் பிடிபடாது. −0.222க்கும் −0.25க்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். கையால் வரையும்போது அளவுப்படி வரையாமல் பள்ளத்தைப் பெரிதாக்கி வரைய வேண்டும். வடிவம் சரியாக இருந்து, புள்ளிகளின் மதிப்பைப் பக்கத்தில் எழுதினால் போதும். அளவுப்படி வரைந்தே தீருவேன் என்று கிராஃப் தாளோடு மல்லுக்கட்டும் பிள்ளைகள் உண்டு. நேரம்தான் போகும்.

சரவணன், சென்னை

தெரிந்துவிட்டது சார்!

லேப் கெமிஸ்ட்

தலைப்பைப் பார்த்து ஆய்வகத்தில் வளைவரை வரைவது பற்றி என்று நினைத்து வந்தேன். பரவாயில்லை, எங்கள் கதையும் இதுதான். ஆசிட், பேஸ் டைட்ரேஷனில் pH வளைவரையின் வளைவு மாற்றப் புள்ளியைத்தான் தேடுகிறோம். சமன்பாடு கிடையாது, பியூரெட் அளவும் மீட்டர் காட்டும் pH உம் மட்டும்தான்.

25 மிலி 0.1 M HCl க்கு 0.1 M NaOH சேர்க்கிறோம் என்று வையுங்கள். கணக்குப்படி 24.7 மிலியில் pH 3.22, 24.9 இல் 3.70, 25.1 இல் 10.30, 25.3 இல் 10.78. அடுத்தடுத்த வித்தியாசம் 0.48, 6.60, 0.48. அந்த வித்தியாசங்களின் வித்தியாசம் +6.12, அப்புறம் −6.12. மிகையிலிருந்து குறைக்குப் போகிறது. நடுவில் பூஜ்யமாகும் இடம் 25.0 மிலி. சார் சொன்ன அதே குறி மாற்றம்தான்.

ஆனால் நிஜ ரீடிங்கில் பூஜ்யம் கண்ட இடத்தில் எல்லாம் வரும். ஆரம்பத்தில் 1.00, 1.05, 1.10 என்று வர வேண்டியது, மீட்டர் நிலைப்படுவதற்குள் எழுதியதால் நடுவில் 1.08 என்று பதிந்தால், வித்தியாசம் 0.08, 0.02. இரண்டாம் வித்தியாசம் −0.06. அங்கே வளைவு மாறவே இல்லை, ஆனால் கணக்கு மாறிவிட்டது என்கிறது. அதனால் முதலில் முதல் வித்தியாசம் எங்கே மலை மாதிரி எழும்புகிறது என்று பார்த்து, அந்த இடத்துக் குறி மாற்றத்தை மட்டும் எடுப்போம். புதிதாக வருபவர்கள் எக்ஸெலில் இரண்டாம் வித்தியாசப் பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு, முதலில் குறி மாறும் வரிசையை அறிக்கையில் எழுதிவிடுவார்கள்.

கோவை முத்து

இதற்கு மூன்றாம் வித்தியாசம் எடுத்தால்?

லேப் கெமிஸ்ட்

எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தடவை வித்தியாசம் எடுக்கும்போதும் ரீடிங்கில் உள்ள பிழை பெரிதாகிக்கொண்டே போகும். மூன்றாவதில் பிழை மட்டும்தான் மிஞ்சும்.

மலர்

எல்லோரிடமும் ஒரு சந்தேகம். y = ∛x. y″ = −(2/9)x^(−5/3). இடப்பக்கம் மிகை, வலப்பக்கம் குறை, குறி மாறுகிறது. ஆனால் x = 0 இல் y′ உம் இல்லை, y″ உம் இல்லை. y″ = 0 என்று மட்டும் தீர்த்தால் இந்தப் புள்ளி பட்டியலிலேயே வராது. இதை வளைவு மாற்றப் புள்ளி என்று எழுதலாமா?

திருச்சி டியூஷன் வாத்தியார்

எழுதலாம். வளைவரை அங்கே தொடர்ச்சியாக இருக்கிறது, குழிவும் மாறுகிறது, எனக்கு அது போதும். y″ பூஜ்யமாகும் இடங்களோடு y″ இல்லாமல் போகும் இடங்களையும் பட்டியலில் சேருங்கள், ஆனால் சார்பு அங்கே இருக்க வேண்டும். யாழ் நண்பர் சொன்ன x = 1 மாதிரி இடங்கள் சேராது.

யாழ் பெடியன்

நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டன் சேர். வளையிக்கு அந்த இடத்தில் தொடலி இருக்கவேணும் என்று கேட்கிற புத்தகங்களும் இருக்கு. ∛x க்கு நிலைக்குத்துத் தொடலி இருக்கு, அதனால் தப்பிவிடும். ஆனால் x < 0 க்கு x², x ≥ 0 க்கு √x என்று ஒட்டி வைச்ச சார்பை எடுங்கோ. தொடர்ச்சியாக இருக்கு, கிண்ணம் நிமிர்ந்து இருந்தது 0 இல் கவிழுது, ஆனால் அங்கே ஒரு மூலை. உங்கட வரையறைப்படி அதுவும் விபத்திப் புள்ளி, மற்றவரின்படி இல்லை.

திருச்சி டியூஷன் வாத்தியார்

அந்த மூலையை நான் ஏற்றுக்கொள்வேன். திருத்துகிறவர் ஏற்பாரா என்பது வேறு விஷயம். மலர், உங்கள் பாடப்புத்தகத்தில் வரையறை எப்படி இருக்கிறதோ அதை ஒரு வரி எழுதிவிட்டு விடையை எழுதுங்கள்.