வார்டன் கையெழுத்து செல்லுமா, செல்லாதா?

பார்மடி_மூன்றாமாண்டு:
கிளினிக்கல் ரிசர்ச் பாடத்துக்கு அசைன்மென்ட். 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்ட விவகாரத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஆந்திராவின் 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-ல் விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டதாக நாடாளுமன்றக் குழு அறிக்கை சொல்கிறது. வார்டன் கையெழுத்து செல்லாதா? ஏன்?

வக்கீல்_வேம்பு:
தாராளமாகச் செல்லும். பெற்றோர் பிள்ளையை விடுதியில் விடும்போதே பொறுப்பையும் சேர்த்துத்தான் விடுகிறார்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்துப் போடுவது? வார்டன்தானே? அப்போது செல்லும் கையெழுத்து ஊசிக்கு மட்டும் ஏன் செல்லாது? அந்த அறிக்கையை எழுதினவர்கள் அரசியல்வாதிகள். அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் தங்கச்சி.

முன்னாள்_மானிட்டர்:
மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கும் மானிட்டராகப் பதினொரு வருடம் சம்மதப் படிவங்களைப் புரட்டிப் புரட்டியே கண் போனவன் நான். "தாராளமாகச் செல்லும்" என்று இவ்வளவு தாராளமாகச் சொல்லும் வக்கீலை இப்போதுதான் பார்க்கிறேன்.

வயிற்றுவலிக்குப் போடும் கையெழுத்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற. தள்ளிப்போட முடியாது, அப்பா வரும்வரை காத்திருக்க முடியாது. தடுப்பூசித் திட்டத்தில் என்ன அவசரம்? மூன்று டோஸ், ஆறு மாதத்தில் போட்டு முடிக்கிற விஷயம். ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தால் குடியா முழுகிப்போகும்? அந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பெற்றோர் ஊரில் உயிரோடுதான் இருந்தார்கள். கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மாணவிக்கு ஒரு வார்த்தை: "வார்டனுக்கு அதிகாரம் இல்லை" என்று மட்டும் எழுதி நிறுத்தாதே. வார்டன் யார் என்று பார். அரசு ஊழியர். மேலிடத்திலிருந்து வந்த திட்டத்துக்கு மாட்டேன் என்று சொல்ல முடியாதவர். பிள்ளைக்குச் சோறு போடுவதும் அவர், லீவு கொடுப்பதும் அவர். அப்படிப்பட்டவர் "ஊசி போட்டுக்கொள்" என்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லுமா? யாருடைய தயவில் பிள்ளை இருக்கிறதோ அவரையே அதன் சார்பில் சம்மதம் சொல்ல வைத்தது, வேலியையே பயிரை மேயவிட்ட கதை.

வக்கீல்_வேம்பு:
உணர்ச்சிவசப்பட்டது போதும். எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் வார்டன் கையெழுத்து செல்லாது என்று இருக்கிறது? பிரிவு எண் சொல்லுங்கள்.

ஊசிக்காரி:
இந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசி. கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், எங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும். இந்தத் திட்டத்தில் ஆந்திராவிலும் குஜராத்திலும் ஊசி போட்ட ஏழு பிள்ளைகள் இறந்தது ஊசியால் இல்லை என்று விசாரணைக் குழுவே சொல்லியாயிற்று. பாம்புக்கடி, மலேரியா, பூச்சிமருந்து, நீரில் மூழ்கியது என்று பல காரணம். தேவையில்லாமல் மக்களைப் பயமுறுத்தாதீர்கள்.

முன்னாள்_மானிட்டர்:
அம்மா, ஊசி கெட்டது என்று இங்கே யார் சொன்னார்கள்? கேள்வி கையெழுத்தைப் பற்றி. மருந்து தங்கமாகவே இருக்கட்டும், கேட்காமல் போட்டது கேட்காமல் போட்டதுதான்.

ஆனால் நீங்கள் சொன்னதிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. பிள்ளை இறந்ததற்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஊசி போட்ட பிறகு அந்தப் பிள்ளைக்கு என்ன ஆனது என்று யாராவது ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தால்தான். பிள்ளை லீவில் ஊருக்குப் போகிறது, வலிப்போ காய்ச்சலோ வருகிறது. என்ன ஊசி போட்டார்கள், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியாது, ஏனென்றால் அவளிடம் யாரும் பேசவே இல்லை. சம்மதம் வாங்கும்போது உட்கார்ந்து பேசுவதில் பாதி இதற்காகத்தான். வார்டன் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே அந்தக் கண்காணிப்பும் அறுந்துபோனது.

ஊசிக்காரி:
எங்களை யார் மதிக்கிறீர்கள்? போன மாதம் குளிர்சங்கிலி பற்றிய இழையிலும் இதே ஆள்தான் என்னை மட்டம் தட்டினார். ஞாபகம் இருக்கிறது.

முன்னாள்_மானிட்டர்:
அப்போதும் நான் சொன்னதுதான் சரி.

திருமங்கலம்_தம்பி:
சார், என் அப்பா கதையைச் சொல்லவா? சர்க்கரை மாத்திரை சோதனை என்று ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். "மாத்திரை இலவசம், டெஸ்ட் இலவசம், கீழே போடுங்க ஐயா" என்றார்கள். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்தார். சாட்சி என்று கையெழுத்துப் போட்டவர் அங்கே ஃபைல் தூக்கும் பையன். நகல் எதுவும் தரவில்லை. இதுவும் கம்மம் மாதிரிதானா?

முன்னாள்_மானிட்டர்:
தம்பி, உங்கள் அப்பாவுடையது வேறு வகை. அவர் வயது வந்தவர், சம்மதம் அவருடையதே. படிக்கத் தெரியாதவர் என்றால் சாட்சி கட்டாயம். அந்தச் சாட்சி சோதனையோடு சம்பந்தமே இல்லாதவராக இருக்க வேண்டும், விளக்கம் சொல்லும் நேரம் முழுக்கக் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் கூப்பிட்டு "இங்கே ஒரு கையெழுத்து" என்றால் அது சாட்சி இல்லை. ஃபைல் தூக்கும் பையன் அந்த மருத்துவருடைய ஆள். செல்லாது.

கம்மத்திலும் 1,948 படிவங்களில் கைநாட்டு. அதைப் பற்றி ஒருத்தரும் பேசுவதில்லை.

வக்கீல்_வேம்பு:
கைநாட்டுக்கு ஓடாதீர்கள். வார்டன் கையெழுத்துக்கு வாருங்கள். பிரிவு எண் எங்கே?

சட்டக்கல்லூரி_சாரதா:
வேம்பு அண்ணா, நீங்கள் குழப்புவது பிள்ளை யார் வசம் இருக்கிறது என்பதையும் யார் பாதுகாவலர் என்பதையும். பிள்ளை வார்டன் வசம் இருக்கலாம். அதனால் அவர் சட்டப்படி பாதுகாவலர் ஆகிவிட மாட்டார். 1956 இந்து சிறார் பாதுகாவலர் சட்டத்தின் 6-வது பிரிவு இயற்கைப் பாதுகாவலர் அப்பா, அடுத்து அம்மா என்கிறது. நீங்கள் கேட்ட பிரிவு எண் இதோ.

வக்கீல்_வேம்பு:
மாட்டிக்கொண்டாய் தங்கச்சி. விடுதிகளில் இருந்த பிள்ளைகளில் பலர் பழங்குடிப் பிள்ளைகள். அதே சட்டத்தின் 3-வது பிரிவைப் படி. மத்திய அரசு தனியாக அறிவித்தால் ஒழிய பட்டியல் பழங்குடிகளுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. முதல் வருடப் பாடம்.

சட்டக்கல்லூரி_சாரதா:
சரி, 3-வது பிரிவு சரிதான். அதனால் வார்டன் பாதுகாவலர் ஆகிவிட்டாரா? 1890 பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றம் அவரை நியமித்ததா? அங்கே அப்பா அம்மா இல்லாமல் போய்விட்டார்களா? முதல் வருடப் பாடத்தைத் தாண்டிக் கொஞ்சம் வாருங்கள் அண்ணா.

முன்னாள்_மானிட்டர்:
சட்டம் இருக்கட்டும். படிவத்தை வைத்தே சொல்கிறேன், சம்மதம் பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று. ஒரு விடுதியில் எண்பது பிள்ளைகள் என்று வையுங்கள். எண்பது படிவத்திலும் ஒரே வார்டன், ஒரே தேதி, ஒரே மை. ஒரு பிள்ளைக்கு விளக்கம் சொல்லி, கேள்வி கேட்க விட்டு, பதில் சொல்ல இருபது நிமிடம் என்றாலும் எண்பதுக்கு இருபத்தாறு மணி நேரத்துக்கு மேல். ஒரே நாளில் எப்படி? விளக்கம் சொல்லவில்லை, கட்டாக வைத்துக் கையெழுத்து மட்டும் போட்டார்கள் என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். நான் போன இடங்களில் முதலில் பார்ப்பது தேதியைத்தான், கையெழுத்தை அப்புறம்.

பார்மடி_மூன்றாமாண்டு:
நன்றி சார். சோதனைக்கு ஒப்புதல் கொடுக்கும் எத்திக்ஸ் கமிட்டி இதைத் தடுத்திருக்க முடியாதா? அதையும் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

முன்னாள்_மானிட்டர்:
கமிட்டி மேசையில் பார்ப்பது படிவத்தின் மாதிரி. அதில் "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்று அழகாக இருக்கும். விடுதியில் அந்தப் "பாதுகாவலர்" வார்டனாக மாறுவதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் யாராவது கிளம்பிப் போய்ப் பார்க்க வேண்டும். இப்போதைய 2019 மருந்துச் சோதனை விதிகளில் குறைந்தது ஏழு உறுப்பினர், பாதிப் பேராவது வெளியாட்கள், சாமானியர் ஒருவர் என்றெல்லாம் இருக்கிறது. அந்தச் சாமானியர் வாயைத் திறந்து "இந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மா எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டால் போதும். நான் பார்த்த கூட்டங்களில் பெரும்பாலும் அவர் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

பிள்ளையின் சம்மதத்தையும் எழுது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்.-இன் 2017 வழிகாட்டுதலில் 7 முதல் 11 வயது வரை வாய்மொழியாக, 12 வயதிலிருந்து எழுத்திலேயே. பெற்றோர் ஒத்துக்கொண்டாலும் பிள்ளை வேண்டாம் என்றால் அதை மதிக்க வேண்டும்.

சந்தேகப்பிராணி:
ஒரு நிமிடம். இந்தத் தடுப்பூசித் திட்டத்தை நடத்திய பாத் என்ற அமெரிக்கத் தொண்டு அமைப்பு அதைச் சோதனை என்றே ஒத்துக்கொள்ளவில்லையே. மாதிரித் திட்டம் என்றுதான் சொன்னார்கள். சோதனையே இல்லை என்றால் இத்தனை சம்மதப் பேச்சும் எதற்கு? ஊரில் போலியோ சொட்டுக்கு யார் படிவம் கேட்டார்கள்?

முன்னாள்_மானிட்டர்:
அது வேறு பஞ்சாயத்து. அதை நாடாளுமன்றக் குழு ஏற்கவில்லை. பெயர் எதுவானாலும் அவர்களே படிவம் அச்சடித்தார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். தேவையில்லை என்றால் ஏன் வாங்கினார்கள்? வாங்கியபின் ஏன் வார்டனிடம் வாங்கினார்கள்?

சந்தேகப்பிராணி:
கேள்விக்குப் பதில் கேள்வி. நல்ல மானிட்டர்.

ஊசிக்காரி:
போலியோ சொட்டு போடுவது நாங்கள். அதற்கும் எங்களைத்தான் திட்டுவீர்களா?

வக்கீல்_வேம்பு:
நான் கேட்டது ஒரே கேள்வி. வார்டன் கையெழுத்து செல்லாது என்று எந்தப் பிரிவில் இருக்கிறது? இதுவரை பதில் வரவில்லை. அதனால் செல்லும்.

முன்னாள்_மானிட்டர்:
உங்கள் பிள்ளையை விடுதியில் சேர்த்துவிட்டு இதையே சொல்லுங்கள் வேம்பு.

வக்கீல்_வேம்பு:
குடும்பத்தை இழுக்காதீர்கள். நிர்வாகியிடம் புகார் கொடுக்கிறேன்.

சட்டக்கல்லூரி_சாரதா:
கொடுங்கள். படிவத்தில் வார்டன் கையெழுத்துப் போடுவார்.

திருமங்கலம்_தம்பி:
சார், என் அப்பாவின் படிவ நகலை இப்போது போய்க் கேட்டால் தருவார்களா? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.