மறு: பாட்டுக்குள் வராத தலைப்பு – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அணில்:
குழுவினருக்கு வணக்கம். ஒரு நூலகத்தின் இசைத்தேடல் திரையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளி மாலை ஒப்படைக்க வேண்டும். ஒரு வடிகட்டிதான் பாக்கி: தன் வரிகளில் எங்குமே தலைப்பு வராத பாடல்களை மட்டும் காட்டுவது. குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' (1975) மாதிரி. கிட்டத்தட்ட ஆறு நிமிடம் பாடுகிறார்கள், தலைப்பின் இரண்டு சொல்லில் ஒன்றுகூட வாயில் வராது. மூலத்தில் இதை ஒரு நீண்ட வாக்கியமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். என் கட்டத்தில் 15 எழுத்துக்கு மேல் நிற்காது. ஒரு சொல் கொடுங்கள்.

கடைசி பெஞ்சு:
படத்தின் பெயர் பாட்டில் வராமல் இருப்பதுதானே? நம் படங்களில் பாதிக்கு மேல் அப்படித்தான். இதற்கு எதற்குத் தனிச்சொல்?

அணில்:
படத்தின் பெயர் இல்லை அண்ணே, பாட்டின் பெயர். சினிமாப் பாட்டுக்குப் பல்லவியின் முதல் வரிதான் பெயர், அதனால் நமக்கு இந்தச் சிக்கலே தெரிவதில்லை.

வெண்பாக்காரர்:
தெரியாமல் என்ன? பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் உண்டு. அதைப் பாட்டுக்குள் இருக்கும் ஒரு தொடரிலிருந்தே எடுத்தார்கள். 11-ஆம் பாட்டு 'புண்ணுமிழ் குருதி'. மலைபடுகடாம் என்ற பெயர் அதன் 348-ஆம் அடியிலிருந்து வந்தது. அதே நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். அது பொருளால் வந்தது. ஆக ஒரே பாட்டுக்கு உள்ளிருந்து ஒரு பெயர், வெளியிலிருந்து ஒரு பெயர். நன்னூலார் பாயிரத்தில் நூலுக்குப் பெயர் வரும் வழிகளை அடுக்கிவிட்டு 'இடுகுறி யானும்நூற் கெய்தும் பெயரே' என்று முடிக்கிறார். உங்கள் ராப்சடி எந்த வழி என்று பார்த்தால் தன்மையால் வந்தது, இடுகுறி அன்று. சரி, சொல்லுக்கு வருகிறேன். தொகைச் சொற்களுக்கு வெளியே பொருள் நிற்பது அன்மொழித்தொகை. வரிகளுக்கு வெளியே தலைப்பு நிற்பது அன்மொழித்தலைப்பு. ஒன்பதே எழுத்து.

பட்டியல்காரி:
ஐயா, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பொற்றொடி வந்தாள் என்றால் வெளியே நிற்பது அந்தப் பெண், அதாவது குறிக்கப்படும் ஆள். இங்கே வெளியே நிற்பது பெயர். திசை மாறிவிடுகிறதே. அதோடு, தேடலுக்கு வருகிறவர் அன்மொழித்தொகை படித்தது பத்தாம் வகுப்போடு சரி.

நான் நூலகத்தில் பட்டியல் போடுகிறவள். ஒரு மாணவர் வந்து 'பிரிவாற்றாமை' பாட்டு வேண்டும் என்றார். குறளின் 116-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். முழித்தார். அவர் கேட்டது பாரதியின் கண்ணன் பாட்டிலிருந்து, 'ஆசை முகம் மறந்து போச்சே'. 'கண்ணன் என் காதலன்' வரிசையில் அதற்குப் பிரிவாற்றாமை என்றுதான் தலைப்பு. பாட்டு முழுக்கப் பிரிவுதான், ஆனால் அந்தச் சொல் இல்லை. முதலடியைச் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் கிடைத்திருக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கும் தலைப்பு, முதலடி, திரும்பத் திரும்ப வரும் அடி என்று மூன்று நுழைவு போடுகிறேன். பழைய பதிப்புகளின் கடைசியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று வைத்தார்களே, அதே வேலைதான்.

வாரணம்:
மூன்று நுழைவு சரி. ஆனால் பெரும்பாலும் வருகிறவர் தலைப்பு என்று நினைத்துக்கொண்டு வரியைச் சொல்கிறார். தி ஹூ குழுவின் 1971 பாட்டை எல்லோரும் 'டீனேஜ் வேஸ்ட்லேண்ட்' என்பார்கள், அதுதான் காதில் விழுவது. உண்மைப் பெயர் 'பாபா ஓ'ரைலி': மெஹர் பாபாவும் டெர்ரி ரைலி என்ற இசையமைப்பாளரும் சேர்ந்தது. வரிகளில் பாபாவும் இல்லை, ரைலியும் இல்லை. தலைப்புப் பெட்டியில் தேடினால் சறுக்கும். வரிப்பெட்டியில் மேற்கோள் குறி போட்டு `"teenage wasteland"` என்று தேட வேண்டும். அப்படித் தேடியும் ஏமாறலாம். பீட் டவுன்ஷெண்ட் அதே பெயரில் வேறொரு முன்வரைவும் பாடி வைத்திருக்கிறார். கேட்டுப் பார்த்து ஆண்டைச் சரிபார்க்காமல் கையில் கொடுக்கக் கூடாது.

என் பரிந்துரை புறத்தலைப்பு.

பட்டியல்காரி:
புறத்தலைப்பு என்றால் நான் அட்டையில் அச்சிட்ட தலைப்பு என்றுதான் நினைப்பேன்.

வெண்பாக்காரர்:
அகத்தலைப்பு, புறத்தலைப்பு என்றால் காதலும் போரும் என்று நினைப்பவர் இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறோம். சரி, அன்மொழியை விட்டுவிடுகிறேன். பாடாத் தலைப்பு எப்படி? ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், செவிக்கும் இனிமை.

கடைசி பெஞ்சு:
தலைப்பு எங்கேயாவது பாடுமா ஐயா? பாடுகிறவர்தான் பாட மறந்தார்.

வெண்பாக்காரர்:
செயப்படுபொருளைக் கொண்டு முடியும் பெயரெச்சம் தம்பி. 'உண்ணாச் சோறு' என்றால் சோறு உண்ணவில்லை என்றா பொருள்?

ஞாயிறு ஆல்டோ:
இடையில் ஒன்று. எங்கள் கொயரில் பாடும் 'அமேசிங் கிரேஸ்' 1779-இல் ஓல்னிப் பாடல்கள் தொகுப்பில் வந்தபோது அதன் தலைப்பு அதுவல்ல. விசுவாசத்தின் மீள்பார்வையும் எதிர்பார்ப்பும் என்ற பொருளில் ஏதோ நீளமாக வைத்திருந்தார் ஜான் நியூட்டன். யாரும் அதைச் சொல்வதில்லை, முதலடி ஜெயித்துவிட்டது. அப்படியானால் இது இந்த வடிகட்டியில் வருமா, வராதா? எந்த ஆண்டின் தலைப்பை வைத்துப் பார்ப்பீர்கள்?

வாரணம்:
அது பட்டியலில் எது முதன்மைத் தலைப்போ அதைப் பொறுத்தது. எனக்கு அதைவிடப் பெரிய பயம் தமிழ்ப் பாட்டுகள்தான். கணினி வெறும் எழுத்துச்சரத்தை ஒப்பிட்டால் என்ன ஆகும் பாருங்கள்:

```
>>> "கடல்" in "கடலில்"
False
```

கண்ணுக்கு உள்ளே இருக்கிறது, கணினிக்கு இல்லை. 'ல்' என்பது லகரமும் புள்ளியும். 'லி' ஆனதும் புள்ளி போய் இகரக்குறி வந்துவிடுகிறது. கடல் என்று தலைப்பிட்டு வரிகளில் கடலில், கடலை என்று மட்டும் வரும் பாட்டெல்லாம் தலைப்பே வராத பாட்டாகிவிடும்.

வெண்பாக்காரர்:
மரம் மரத்தில் ஆனால் அத்துச்சாரியை வேறு வரும். அப்போது மகரமே போயிற்று. சாரியை பற்றி நான் தனி மடல் போடுகிறேன்.

பட்டியல்காரி:
வேண்டாம் ஐயா, வெள்ளிக்குப் பிறகு. ஆனால் வாரணம் சொல்வது முக்கியம். அதே கண்ணன் பாட்டில் 'திக்குத் தெரியாத காட்டில் உனைத் தேடித்தேடி இளைத்தேனே' இருக்கிறதே, அதன் தலைப்பு 'காட்டிலே தேடுதல்'. காடும் உண்டு, தேடலும் உண்டு, ஆனால் அந்தத் தொடர் இல்லை. வந்ததா, வரவில்லையா? நான் வந்தது என்பேன்.

வாரணம்:
நான் வரவில்லை என்பேன். தொடர் முழுசாக வர வேண்டும். வேர்ச்சொல் வந்தால் போதும் என்று திறந்துவிட்டால் வடிகட்டியில் எதுவுமே மிஞ்சாது.

ஞாயிறு ஆல்டோ:
வரியே இல்லாத வெறும் வயலின் துண்டு?

அணில்:
அதை வடிகட்டி முதலிலேயே தள்ளிவிடுகிறது. நல்லவேளை.

மற்றபடி மன்னிக்கவும், மணி நாலரை. அலுவலகத்தில் மூன்று பேரிடம் காட்டினேன். 'பாடாத் தலைப்பு' என்றதும் ஒருவர் ஒலிப்பதிவு கெட்டுப்போனதா என்று கேட்டார். இன்னொருவர் 'புறத்தலைப்பு' என்றதும் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் வரியில் இல்லாத தலைப்பு என்று போட்டு அனுப்பிவிட்டேன். இடைவெளியோடு 14, கட்டத்தில் உட்காருகிறது. காட்டிலே தேடுதலுக்கு வாரணம் சொன்னபடி 'வரவில்லை' என்றே குறிப்பு எழுதியிருக்கிறேன். அக்கா கோபிக்க வேண்டாம்.

பட்டியல்காரி:
கோபமில்லை. என் பட்டியலில் நான் வந்தது என்றே போடுவேன்.

வெண்பாக்காரர்:
மூன்று சொல் சேர்ந்த விளக்கம் அது, கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். தவிர, 'தலைப்பு' என்பதே யோசிக்க வேண்டிய சொல். எங்கள் வீட்டில் தலைப்பு என்றால் சேலையின் முந்தானை.

கடைசி பெஞ்சு:
அப்போ வரியில்லாத தலைப்பு என்றால் கோடு போடாத முந்தானையா?