‘ஃபிளாட் இல்லஸ்ட்ரேஷன்’: தட்டைப்படமா, வேறா?

கயல்:
வணக்கம். வீட்டு விற்பனைக் கையேடு வடிவமைப்பவர்களுக்காகத் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதுகிறேன். அறையின் ஒளிப்படத்தை அடியில் வைத்து, அதன்மேல் வரைந்து, ஒவ்வொரு பரப்புக்கும் ஒரே நிறம் பூசிய காட்சியாக மாற்றுகிற வேலைக்குச் சொல் வேண்டும். ‘ஃபிளாட் இல்லஸ்ட்ரேஷன்’ என்பதைத் ‘தட்டைப்படம்’ என்று எழுதிவிடலாமா?

இராகவன்:
ஃபிளாட்டுக்கு ‘அடுக்ககம்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது தட்டை எதற்கு? ‘அடுக்ககப் படம்’ என்றால் வீடு வாங்குகிறவருக்கும் புரியும்.

கயல்:
ஐயா, இது அந்த ஃபிளாட் இல்லை! தனிவீட்டு அறையையும் இப்படி வரையலாம்.

மாறன்:
‘நிறப்படியாக்கம்’ என்பதே போதும். நிறங்களை எட்டாகக் குறைத்தால் இதுதானே கிடைக்கிறது? Inkscape என்ற வரைகலை மென்பொருளில் Path > Trace Bitmap கொடுத்தால் வேலை முடிந்தது. அதற்கு இன்னொரு சொல் தேவையில்லை.

செல்வி:
மாறன், இடப்பக்கம் சன்னல் உள்ள ஒரு வரவேற்பறைப் படத்தில் அதைச் செய்து பாருங்கள். பின்சுவர் முழுக்க ஒரே வெள்ளைதான். ஆனால் சன்னலை விட்டு விலக விலக வெளிச்சம் குறைவதால், மென்பொருள் அந்தச் சுவரை நாலைந்து நெளிந்த பட்டைகளாக வெட்டிவிடும். சோபாவின் வெளிச்சம் பட்ட கைப்பிடியும் பின்னால் இருக்கும் சுவரும் ஒரே வெளிர்நிறமாக இருந்தால் இரண்டையும் ஒட்டிவிடும். சோபாவின் நிறத்தை மாற்றிப் பாருங்கள். சுவரில் ஒரு துண்டும் சேர்ந்து மாறினால் அது தானாக வெட்டிய படம் என்று தெரிந்துவிடும்.

மென்பொருள் நிறத்தின் அளவை வைத்துப் பிரிக்கிறது, நாம் பொருளை வைத்துப் பிரிக்கிறோம். முதலில் ஒளிப்படத்தில் சாய்ந்து நிற்கும் சுவர்க்கோடுகளை நிமிர்த்த வேண்டும். அப்புறம் அதை மங்கலாக்கி, கீழடுக்கில் பூட்டிவிட்டு, தரை, கூரை, மூன்று சுவர்கள் ஆகியவற்றை முழுதாக வரைய வேண்டும். சோபா மறைக்கிற இடத்திலும் தரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வடிவங்கள் முட்டும் விளிம்பில் திரையில் மெல்லிய வெள்ளை இழை தெரியும். சன்னல் உள்ள சுவரில் வெளிச்சம் நேராக விழாது, அதனால் அதற்கு அடர்ந்த நிறம். எதிர்ச்சுவர் வெளிர், பின்சுவர் நடுத்தரம். சோபாவுக்கு இருக்கை, முன்பக்கம், பக்கவாட்டு என்று மூன்றே நிறங்கள். நிழலுக்கு ஒரே வடிவம்.

இவ்வளவுக்குப் பிறகும் தரைக்கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கித்தான் போகும். ஆழம் அப்படியே இருக்கிறது. அதனால் ‘தட்டைப்படம்’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. இங்கே தட்டையாவது வண்ணம்தான். ‘தட்டைவண்ணப் படம்’ என்று வைக்கலாம்.

மாறன்:
சரி, ஒட்டிக்கொள்ளும் சிக்கலை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெள்ளை இழைக்கு Trace Bitmap-இலேயே Stack என்ற தெரிவு இருக்கிறது. வடிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிடும். எந்தெந்த நிறம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கவும் நிறப்படியாக்கம் உதவும்.

செல்வி:
நிறத்தேர்வுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆகவே அது ஒரு படிநிலையின் பெயர். முழு வேலைக்கும் அதைச் சூட்ட முடியாது.

இராகவன்:
இப்போது புரிகிறது. ஆனால் எனக்கு ஒரு சொந்தக் கவலை. நாங்கள் அகலக்கோண ஒளிப்படம் போட்ட கையேட்டைப் பார்த்துவிட்டு வந்தவர், “அறை இவ்வளவுதானா?” என்று கோபித்துக்கொண்டார். வரைந்தால் இது சரியாகுமா?

செல்வி:
தானாகச் சரியாகாது, ஐயா. ஓரத்தில் இருக்கும் நாற்காலியை அந்த லென்ஸ் இழுத்து அகலமாக்கியிருக்கும். அப்படியே மேல்வரைந்தால் கோணலும் கூடவே வரும். அதை மட்டும் உண்மை அளவுக்குக் குறுக்கி வரையலாம். பின்சுவரை ஒட்டி நிற்கும் சோபாவைத் தொடக்கூடாது. சுவர் 4 மீட்டர், சோபா 2 மீட்டர் என்றால், நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் சோபா சுவரில் ஏறக்குறைய பாதியை அடைக்கும். வரைந்த படத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அடைக்கிறது என்றால், அறையைப் பெரிதாகக் காட்ட யாரோ சோபாவைச் சுருக்கியிருக்கிறார்கள். ஆனால் அறையின் ஆழம் கூடித் தெரிவதை வரைந்து மாற்றுவது கடினம். அதற்குப் பின்னால் தள்ளி நின்று வேறு படம் எடுப்பதே மேல்.

கயல்:
அப்படியானால் படத்துக்குத் ‘தட்டைவண்ணப் படம்’, செயலுக்குத் ‘தட்டைவண்ணமாக்கல்’. நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. ஒரு சந்தேகம்: சன்னலுக்கு வெளியே வானத்தில் மட்டும் நீலம் மெல்ல வெளுப்பதுபோல் சிலர் வரைகிறார்களே, அதையும் இந்தப் பெயரில் சேர்க்கலாமா?

செல்வி:
வானத்துக்கு மட்டும் என்றால் விட்டுவிடுவேன். சுவரில் வந்தால் சேர்க்கமாட்டேன்.

மாறன்:
இது எப்படி நியாயம்? வண்ணம் தட்டை என்று பெயரிலேயே சொல்லிவிட்டு வானத்துக்கு விலக்கா? ‘சமநிறக் காட்சி’ என்ற சொல்லையும் பட்டியலில் வையுங்கள், கயல். ‘தட்டை’ என்றாலே இராகவன் ஐயாவைப் போலப் பலருக்கு வீடுதான் நினைவுக்கு வரும்.

இராகவன்:
தட்டை என்றால் எனக்கு வீடு நினைவுக்கு வரவில்லை, தம்பி. ஃபிளாட் என்றால்தான் வந்தது.