பத்து சதவீதம் யார் கையிலிருந்து போனது?

கொழிஞ்சாம்பாறை:
நானும் நண்பனும் பால் சங்கங்களுக்கான கணக்குச் செயலி நடத்துகிறோம். ஆளுக்கு 5,000 பங்கு, சரிபாதி. கொச்சியில் ஒரு நிதியம் சீட் சுற்றில், அதாவது முதல் முதலீட்டுச் சுற்றில், 2 கோடி ரூபாய் தர முன்வந்தது. பணம் வருமுன் மதிப்பு 8 கோடி, வந்தபின் 10 கோடி. அவர்களுக்கு 20 சதவீதம் போக எங்களுக்கு ஆளுக்கு 40 என்று, ஆலத்தூர் வருவதற்குள் பஸ் டிக்கெட்டின் பின்புறம் கூட்டிக் கழித்துவிட்டோம்.

கையெழுத்தன்று பங்குப் பட்டியலில் ஆளுக்கு 35 தான் இருந்தது! முதலீட்டு நிபந்தனைகள் எழுதிய டெர்ம் ஷீட்டின் ஒரு வரிதான் காரணம்: பின்னால் ஊழியர்களுக்குக் கொடுக்க எடுத்துவைக்கும் பங்கு, அதாவது ஈசாப் ஒதுக்கீடு, 10 சதவீதம், அது அந்த 8 கோடிக்குள் அடங்கும். ஊழியர்களுக்குத்தானே என்று தலையாட்டியிருந்தோம். வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

வேலந்தாவளம்:
எங்கள் சித்தப்பா செங்கல் சூளைக்குப் பணம் வாங்கி வட்டியிலேயே மூழ்கினார். உங்களுக்கு வட்டி எவ்வளவு தம்பி?

கொழிஞ்சாம்பாறை:
இது கடன் இல்லை அண்ணா. வட்டிக்குப் பதில் பங்கையே கொடுக்கிறோம்.

மீனாட்சிபுரம்:
சதவீதம் குறைந்தால் என்ன? 10 கோடியில் 35 சதவீதம் என்றால் மூன்றரைக் கோடி. இதற்கா புலம்பல்?

சித்தூர்:
அந்த மூன்றரைக் கோடி காகிதத்தில்தான் இருக்கிறது. போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை பெரும்பாலான ஒப்பந்தங்களில் முதலீட்டாளருக்கு உண்டு. நாளை கம்பெனி 3 கோடிக்குத்தான் விலைபோனால், 2 கோடி அவர்களுக்குப் போய், மீதியில் உங்களுக்கு ஆளுக்கு 50 லட்சம்.

ஈசாப் விஷயம் இதுதான். 8 கோடியில் 1 கோடி, இன்னும் பிறக்காத பங்குகளுக்குப் போய்விட்டது. உங்கள் 10,000 பங்குக்கு உண்மையில் கிடைத்த மதிப்பு 7 கோடி. அதனால் மதிப்பைக் கேட்காதீர்கள், ஒரு பங்கின் விலையைக் கேளுங்கள். 8,000 என்று நினைத்தது 7,000 ஆக இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நான் அடுத்த 18 மாதத்தில் யார் யாரை வேலைக்கு எடுப்பேன் என்று பட்டியல் எழுதிக்கொண்டு போனேன். ஈசாப்புக்கு 10 கேட்டவர்கள் 6க்கு இறங்கினார்கள்.

கொழிஞ்சாம்பாறை:
இப்போது அடுத்த முதலீட்டுக்கான ஏ சுற்றுப் பேச்சு நடக்கிறது. புதியவருக்கு 20, ஈசாப்பை மறுபடி 10க்கு உயர்த்த வேண்டுமாம். எங்களுக்கு ஆளுக்கு 27.2தான் நிற்கும். பழைய ஒதுக்கீட்டில் ஒரு பங்குகூட யாருக்கும் கொடுக்கவில்லை.

சித்தூர்:
பிறகு எதற்கு உயர்த்துவது? புதிய பங்குகள் வந்ததும் பழைய 10 தானாகக் குறைந்து 8 ஆகும், அதுவே போதும் என்று சொல்லுங்கள். ஆளுக்கு 28 நிற்கும். ஈசாப்பை உயர்த்தினால் சீட் சுற்றில் வந்தவர்களுக்கும் இழப்பு உண்டு, உங்கள் பக்கம் பேசுவார்கள்.

மீனாட்சிபுரம்:
என் ஏ சுற்றில் சீட் முதலீட்டாளர்கள் வாயே திறக்கவில்லை.