வாடகை வீடு: முன்பணம் அனுப்புவதற்கு முன் உரிமையாளரை எப்படிச் சரிபார்ப்பது?

கோவையிலிருந்து
அடுத்த மாதம் வேலைக்காகச் சென்னை போகிறேன். மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு பிடித்திருக்கிறது. வாடகை 18,000, முன்பணம் ஒரு லட்சம். உரிமையாளர் கத்தாரில் இருப்பதாகச் சொல்கிறார். வீட்டைக் காவலாளி திறந்து காட்டினார். உரிமையாளர் சொத்துவரி ரசீதையும் தன் ஆதாரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஆனால் ரசீதில் அவருடைய அப்பா பெயர் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டாராம். வீட்டை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க இன்றே 10,000 அனுப்பச் சொல்கிறார். பேச்சு மரியாதையாகத்தான் இருக்கிறது, சந்தேகப்படுவதுபோல் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

மண்ணடி வாசகன்
பட்டா கேளுங்கள். பட்டாவில் பெயர் இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

பழைய பத்திர எழுத்தர்
நண்பரே, தனி வீட்டுக்குப் பட்டா சரி. அடுக்குமாடியில் நிலத்தின் பிரிக்கப்படாத பாகம்தான் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். பல கட்டடங்களில் பட்டா இன்னும் பழைய நில உரிமையாளர் பெயரிலேயே கிடக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு: சொத்துவரி ரசீது, வரி கட்டியதற்குச் சாட்சி, உரிமைக்கு அல்ல. கிரையப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும், சொத்து விவரம் எழுதிய பக்கத்தையும் கேளுங்கள். அதில் பத்திர எண், ஆண்டு, சர்வே எண், சார்பதிவாளர் அலுவலகம் எல்லாம் இருக்கும். அவற்றை வைத்து tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமல் பார்க்கலாம். சர்வே எண்ணைக் கொடுத்தால் அந்த நிலத்தில் இருக்கும் வீடுகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், மிரள வேண்டாம். சொத்து விவரத்தில் உங்கள் வீட்டு எண்ணைத் தேடி, 'எழுதி வாங்கியவர்' பகுதியில் யார் பெயர் என்று பாருங்கள். அதற்குப் பின் விற்பனையோ அடமானமோ பதிவாகியிருந்தால் அதுவும் கீழே தெரியும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இது பாதிக் கிணறுதான். அப்பா இறந்து சொத்து பிள்ளைகளுக்கு வந்ததைப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது வராது, அப்பா பெயரோடு நின்றுவிடும். ஆகவே இறப்புச் சான்றிதழும், வட்டாட்சியர் கொடுத்த வாரிசுச் சான்றிதழும் வேண்டும். அம்மா, சகோதரி இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்களுடைய சம்மதக் கடிதம் இல்லாமல் இவர் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டால், நாளைக்குச் சகோதரி வந்து வாடகை கேட்பார்.

தாம்பரம் கீதா
எனக்கும் இதே கதைதான்! நான்கு வருடம் இருந்து காலி செய்தேன், பெயின்ட் அடிக்க என்று சொல்லி முன்பணத்தில் 40,000 பிடித்துவிட்டார்கள். எப்படித் திரும்ப வாங்குவது?

பழைய பத்திர எழுத்தர்
அம்மா, அது வேறு வழக்கு. தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

கோவையிலிருந்து
ஐயா, நன்றி. இவ்வளவு காகிதம் கேட்டால் கோபித்துக்கொள்வாரே?

வேளச்சேரி வாடகைக்காரர்
நான் கேட்டது இப்படி: "சார், வீடு மிகவும் பிடித்திருக்கிறது. ஒப்பந்தம் எழுதுபவர் கிரையப் பத்திரத்தின் இரண்டு பக்கங்களும், வாரிசுச் சான்றிதழும் கேட்கிறார். அனுப்பினால் வரைவை உடனே தயார் செய்துவிடலாம். என் ஆதாரையும் வேலைக் கடிதத்தையும் இத்துடன் அனுப்புகிறேன்." நம்முடையதை முதலில் கொடுத்துவிட்டால் கேட்பது தவறாகத் தெரியாது. உண்மையான உரிமையாளருக்கும் நம்மைப் பற்றித் தெரிய வேண்டுமே.

பிறகு ஒரு வீடியோ அழைப்பு. ஆதாரில் இருக்கும் முகம்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டையும் குடியிருப்போர் சங்கச் செயலரையும் விசாரியுங்கள். காவலாளியிடம் சாவி இருப்பது மட்டும் போதாது. பணம் அனுப்பும்போது திரையில் வரும் வங்கிப் பெயர் ஒப்பந்தப் பெயரோடு பொருந்த வேண்டும். "நண்பர் கணக்குக்கு அனுப்புங்கள்" என்றாலோ, பணம் 'பெறுவதற்கு' க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலோ விலகிவிடுங்கள். பணம் வாங்க ஸ்கேன் செய்யவே தேவையில்லை. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

கோவையிலிருந்து (மூன்று நாள் கழித்து)
நீங்கள் சொன்னபடியே எழுதினேன். கோபிக்கவில்லை, பத்திரப் பக்கங்கள் அன்று இரவே வந்தன. வில்லங்கச் சான்றில் 2009ல் அப்பா வாங்கியது இருக்கிறது, அதற்குப் பின் எதுவும் இல்லை. வாரிசுச் சான்றிதழில் அம்மா, இவர், ஒரு தங்கை. அம்மா மயிலாப்பூரில் இருக்கிறார். நேரில் போனேன், காபி கொடுத்து, "பையன் அவசரப்படுத்திவிட்டானா?" என்றார். முன்பணத்தைத் தன் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். தங்கையின் சம்மதக் கடிதம்தான் பாக்கி, பெங்களூரிலிருந்து வர வேண்டும். அதுவரை 10,000 கூட அனுப்பவில்லை.

மண்ணடி வாசகன்
தங்கை வாட்ஸ்அப்பில் சரி என்றால் போதாதா?

பழைய பத்திர எழுத்தர்
ஒப்பந்தத்திலேயே மூவரும் கையெழுத்திடுவது நல்லது. கத்தாரில் இருப்பவர் அம்மாவுக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் வாடகைக்கு விடும் உரிமை அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.